பத்தாம் வகுப்பில் 438: அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் குரூப், மகளுக்கு காமர்ஸ், நடுவில் தாய்மாமன் நான்

மருதுமாமா எழுதியது:

விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூர். அக்கா மகள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாவது முடித்திருக்கிறாள். தமிழ் 91, ஆங்கிலம் 84, கணக்கு 71, அறிவியல் 95, சமூக அறிவியல் 97. மொத்தம் 438.

மச்சானுக்கு அவளை டாக்டராகப் பார்க்க வேண்டும். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் விடுதியோடு, நீட் பயிற்சியோடு ஃபர்ஸ்ட் குரூப் சேர்க்கலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறார். பணத்துக்கு நகையை வைக்கவும் தயார். பிள்ளையோ காமர்ஸ்தான் வேண்டும் என்கிறாள். அக்கா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் ரொக்கப் புத்தகத்தையும் கடன் பேரேட்டையும் எட்டாவதிலிருந்து இவள்தான் எழுதுகிறாள். அதில் அவளுக்கு ஒரு பிடிப்பு.

"அறிவியலில் 95 எடுத்த பிள்ளையைக் கணக்கு எழுதவா அனுப்புவது?" என்பது மச்சானின் ஒரே கேள்வி. என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக எனக்கு போன் செய்து மற்றவரிடம் பேசச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோயம்புத்தூரான் எழுதியது:

இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. ஃபர்ஸ்ட் குரூப்பில் போடுங்கள். டாக்டரும் ஆகலாம், இன்ஜினியரும் ஆகலாம், பிடிக்கவில்லை என்றால் பிளஸ் டூ முடித்து பி.காம்., சி.ஏ. எதுவும் படிக்கலாம். காமர்ஸ் எடுத்தால் திரும்பி வர முடியாது. எல்லாக் கதவும் திறந்திருக்கிற அறையை விட்டுவிட்டு ஒரே கதவு உள்ள அறைக்கு எதற்குப் போக வேண்டும்?

---

நிலா அம்மா எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை. பையன் பத்தாவதில் பேசிக் மேத்ஸ் எழுதினான், ஸ்டாண்டர்டு எழுதவில்லை. இப்போது பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு தர முடியாது, வேண்டுமானால் அப்ளைடு மேத்ஸ் எடுத்துக்கொள் என்கிறார்கள். உங்கள் மருமகள் பத்தாவதில் எந்த மேத்ஸ் எழுதினாள்? முதலில் அதைப் பாருங்கள்.

---

சாக்பீஸ் எழுதியது:

நிலா அம்மா, நீங்கள் சொல்வது சி.பி.எஸ்.இ. அவர் கேட்பது மாநிலப் பாடத்திட்டம். இங்கே பத்தாவதில் எல்லாருக்கும் ஒரே கணக்குதான்.

மருதுமாமா, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர், பாடம் இயற்பியல். பதினேழு வருடமாக ஜூன் மாதச் சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மச்சானின் கேள்விக்கே முதலில் வருகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி.

பத்தாவது அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் முழு மதிப்பெண் வாங்காத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக 95 என்பது 75-க்கு 70. நல்ல மதிப்பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரே தாளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கலந்திருக்கும். நன்றாகப் படித்து எழுதும் பிள்ளை கணக்கீடு கேட்கும் வினாக்களைத் தாண்டியே அந்த 70-ஐத் தொட்டுவிடலாம். பிளஸ் ஒன் இயற்பியலில் அப்படித் தாண்டிப் போக வழி கிடையாது.

கணக்கு 71-ஐ வேறு மாதிரி பார்க்க வேண்டும். அதில் செய்முறை இல்லை, நூறும் எழுத்துத் தேர்வு. 14 ஒரு மதிப்பெண், 10 இரண்டு மதிப்பெண், 10 ஐந்து மதிப்பெண், கடைசியில் இரண்டு எட்டு மதிப்பெண். அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் வடிவியலும் வரைபடமும். அவற்றைப் போட்டுப் போட்டுப் பழகினாலே 16 வந்துவிடும். பிள்ளை யோசித்துப் போடுகிறாளா என்பது ஐந்து மதிப்பெண் வினாக்களில்தான் தெரியும். பிள்ளையிடம் கேளுங்கள்: அந்த 29 எங்கே போனது? "பயத்தில் கூட்டல் தப்பு" என்றால் ஒரு கதை. "ஐந்து மதிப்பெண்ணில் பாதி புரியவில்லை" என்றால் வேறு கதை.

இன்னொன்று, பெற்றோர் யாரும் கேட்காத விஷயம். பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் இரண்டாவது அலகு. அங்கேயே வகைக்கெழுவும் வெக்டரும் வந்துவிடும். கணக்குப் புத்தகத்திலோ அவை இரண்டும் இரண்டாம் தொகுதியில்தான். ஜூலையில் நான் கரும்பலகையில் dx/dt எழுதும்போது பிள்ளைகளுக்குக் கணக்கு வாத்தியார் அதை இன்னும் சொல்லித் தந்திருக்க மாட்டார். கணக்கில் பிடிமானம் உள்ள பிள்ளை ஒரு மாதம் தடுமாறி எழுந்துவிடும். இல்லாத பிள்ளை அங்கேயே சூத்திரங்களை மனப்பாடம் செய்ய ஆரம்பிக்கும். அப்புறம் இரண்டு வருடமும் அதே வழிதான்.

கோயம்புத்தூரானுக்கு: கதவு கணக்கு பாதி சரி. ஃபர்ஸ்ட் குரூப் முடித்தவர் பி.காம். விண்ணப்பிக்கலாம், சி.ஏ.வும் போகலாம். ஆனால் கதவு திறந்திருந்தால் போதாது, அங்கே போய்ச் சேரும்போது கையில் மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். இயற்பியலிலும் கணக்கிலும் 55, 60 வாங்கிய பிள்ளை அரசுக் கலைக் கல்லூரி தரவரிசையில், வணிகவியலில் 90, 95 வாங்கியவர்களோடு நிற்க வேண்டும். பல கல்லூரிகள் பி.காம்.-க்கு வணிகப் பிரிவு மாணவர்களைத்தான் முதலில் எடுக்கின்றன.

---

கோயம்புத்தூரான் எழுதியது:

சார், மதிப்பெண் குறையும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் யாரும் எதுவும் படிக்க முடியாது. நானே பத்தாவதில் கணக்கில் 68. பிளஸ் டூவில் 170 கட்-ஆஃப் எடுத்தேன். விடுதியில் போட்டுப் பிழிந்தால் வரும்.

---

சாக்பீஸ் எழுதியது:

உங்களுக்கு வந்திருக்கிறது, சந்தோஷம். பிழிந்து வராத பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை.

---

செவிலி மகேஸ் எழுதியது:

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதே. பியூர் சயின்ஸ். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கு கிடையாது, நீட்டும் எழுதலாம். நான் அந்த குரூப்தான். டாக்டர் கிடைக்கவில்லை, பி.எஸ்சி. நர்சிங் கிடைத்தது, இன்று நன்றாக இருக்கிறேன். கணக்கு 71 என்றால் கணக்கைத் தூக்கிவிடுங்கள், மச்சானும் சமாதானம் ஆவார்.

---

இருப்பாய்வு எழுதியது:

மகேஸ் சொல்வது மச்சானுக்கான வழி. பிள்ளை எங்கேயாவது உயிரியல் பிடிக்கும் என்று சொன்னாளா? கணக்கு எழுதப் பிடித்த பிள்ளையிடமிருந்து கணக்கை எடுத்துவிட்டு விலங்கியல் கொடுப்பது எந்த ஊர் சமரசம்?

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப் முடித்து, சி.ஏ. இறுதித் தேர்வில் ஒரு குரூப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன். காமர்ஸ் பக்கத்து உண்மையையும் சொல்லிவிடுகிறேன், இங்கே யாரும் சொல்லவில்லை.

சி.ஏ.வின் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 100. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 வேண்டும், மொத்தத்தில் பாதி வேண்டும். மூன்றாவது தாள் கணக்கும் தர்க்கமும் புள்ளியியலும். அதில் தப்பாகக் குறித்தால் கால் மதிப்பெண் போகும். கணக்கிலிருந்து தப்பித்துச் சி.ஏ.வுக்கு வந்தவர்கள் அங்கேதான் விழுவார்கள். அதனால் காமர்ஸ் எடுத்தால், முடிந்தால் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவில் எடுங்கள். இல்லாமலும் சி.ஏ. எழுதலாம், தடை இல்லை, பாரம் கூடும்.

அதைவிடப் பெரிய விஷயம் மொழி. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ் கிடையாது. நீட்டையாவது தமிழில் எழுதலாம்! தமிழ் வழிப் பிள்ளை, ஆங்கிலத்தில் 84. வணிகச் சட்டத் தாளில் பதிலை வாக்கியமாக எழுத வேண்டும். நானும் தமிழ் வழிதான், அந்தத் தாளை மூன்றாம் முறைதான் தாண்டினேன். அது தெரிந்து வந்தால் இரண்டு வருடம் முன்பே தயாராகலாம்.

---

மருதுமாமா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சாக்பீஸ் சார் சொன்னபடி பிள்ளையிடம் கேட்டேன். எட்டு மதிப்பெண் இரண்டும் முழுசாகப் போட்டாளாம், ஒன்று இரண்டு மதிப்பெண்களில் பெரிதாக நஷ்டமில்லை. ஐந்து மதிப்பெண்ணில் ஐந்துதான் உருப்படியாகப் போட்டாளாம். "நாலாவது வரி வரைக்கும் போகும் மாமா, அப்புறம் எதுக்கு இதைச் செய்றோம்னே மறந்துடும்" என்கிறாள்.

இதை மச்சானிடம் சொன்னால், "அதுக்குத்தான் விடுதியில் போட்டுப் பயிற்சி" என்கிறார்.

---

சாக்பீஸ் எழுதியது:

விடுதி என்றதும் கேட்க நினைத்தேன். பிள்ளை ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியா?

---

மருதுமாமா எழுதியது:

ஆமாம் சார். ஒன்றாவதிலிருந்தே.

---

சாக்பீஸ் எழுதியது:

அப்படியானால் மச்சானிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள், நாமக்கல்லில் முன்பணம் கட்டும் முன்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதற்குத் தகுதி 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் ஐந்து வருடமாகச் சேர்த்த தகுதி அன்றோடு போய்விடும். அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1000 ரூபாய்க்கும் அதே மாதிரி நிபந்தனைதான்.

அதாவது, டாக்டர் ஆக வேண்டும் என்று நகையை வைத்து அனுப்புகிற இடம், அவள் டாக்டர் ஆக இருந்த சுலபமான வழியை அடைத்துவிடும். ஃபர்ஸ்ட் குரூப்பே ஆனாலும் அரசுப் பள்ளியிலேயே படிக்கட்டும். இந்தத் தவறை வருடா வருடம் பார்க்கிறேன். டி.சி. வாங்கிய பிறகுதான் வந்து கேட்பார்கள்.

குரூப்பைப் பற்றி ஒரு யோசனை. பேசிப் பேசி இது தீராது. பிளஸ் ஒன் புத்தகங்கள் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கும், அல்லது பக்கத்து வீட்டு அக்காவிடம் பழைய புத்தகம் வாங்குங்கள். பத்து நாள். காலையில் கணக்கு முதல் அத்தியாயம், கணங்கள், தொடர்புகள், சார்புகள். அதோடு இயற்பியல் முதல் இரண்டு அலகு. மாலையில் கணக்குப்பதிவியலில் முதன்மைப்பதிவு ஏடுகள், பேரேடு, இருப்பாய்வு. டியூஷன் வேண்டாம், யாரும் சொல்லித்தர வேண்டாம். மதிப்பெண்ணும் போடாதீர்கள். மச்சான் பக்கத்தில் இருந்து ஒன்றை மட்டும் கவனிக்கட்டும்: முடியாத இடம் வந்தால் பிள்ளை என்ன செய்கிறாள்? பக்கத்தைத் திருப்புகிறாளா, முந்தைய பக்கத்துக்குப் போகிறாளா?

---

கோயம்புத்தூரான் எழுதியது:

7.5 விஷயம் எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து நாளில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அளக்க முடியாது.

---

சாக்பீஸ் எழுதியது:

வாழ்க்கையை அளக்க முடியாது. ஜூலை மாதத்தை அளக்கலாம்.

---

மருதுமாமா எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நாமக்கல் திட்டம் நின்றுவிட்டது. 7.5 சதவீதத்தைச் சொன்னதும் மச்சான் அரை மணி நேரம் பேசவில்லை, பிறகு பள்ளிக்கு போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

பத்து நாள் சோதனை நேராக நடக்கவில்லை. மூன்றாம் நாளே மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து இயற்பியல் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார், அவர் டிப்ளமோ மெக்கானிக்கல். அக்கா அவரை எழுப்பி வெளியே அனுப்பினாள்.

நடந்ததைச் சொல்கிறேன். கணக்கில் கணங்கள் நன்றாகவே போட்டாள். சார்புகளில் நின்றுவிட்டாள், இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. இயற்பியலில் அளவீடு, பிழைகள் பகுதி பிடித்திருந்ததாம், இயக்கவியலில் வகைக்கெழு வந்த பக்கத்தோடு மூடிவிட்டாள். கணக்குப்பதிவியலில் இருப்பாய்வு முதல் தடவை சமன் ஆகவில்லை. ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து முந்தைய பக்கம், அதற்கு முந்தைய பக்கம் என்று போய்க் கண்டுபிடித்தாள்.

ஆனால் மச்சானை அசைத்தது புத்தகம் இல்லை. அந்த வாரம் குழுவின் ரொக்கப் புத்தகத்தில் 180 ரூபாய் இடித்தது. பெண்கள் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து யார் கட்டவில்லை என்று பேச்சு சூடாகிவிட்டது. இவள் வந்து பார்த்து, "180-ஐ ஒன்பதால் வகுத்தா மிச்சமில்லாமப் போகுது, யாரோ எண்ணை மாத்தி எழுதியிருக்காங்க" என்று தேடினாள். ஒருத்தர் கட்டிய 420-ஐ 240 என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்தோம். இதை யார் சொல்லித்தந்தது என்று கேட்டால், தானாகத்தான் கவனித்தாளாம், காரணம் தெரியாதாம்.

---

இருப்பாய்வு எழுதியது:

எங்கள் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப் முதல் வாரம் சீனியர் சொல்லித்தருவது இது. பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். 420-இல் நூறுகளிடத்தில் இருந்த 4 பத்துகளிடத்துக்கு வந்தால் 360 குறையும், பத்துகளிடத்து 2 மேலே போனால் 180 கூடும், மிச்சம் 180. அவளிடம் காரணத்தையும் சொல்லுங்கள். அது இயற்கணிதம்தான் என்று தெரிந்தால் சார்புகள் அத்தியாயத்தின் மேல் கொஞ்சம் கோபம் குறையும்.

ஆனால் மருதுமாமா, இதை வைத்துச் சி.ஏ. என்று ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். டாக்டர் கனவை இறக்கிவைத்த இடத்தில் அடுத்ததை ஏற்றாதீர்கள். பி.காம். முடித்து கூட்டுறவு வங்கி, கணக்கு அலுவலர், ஜி.எஸ்.டி. வேலை என்று எத்தனையோ இருக்கிறது.

---

நிலா அம்மா எழுதியது:

என் பையன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை, அப்ளைடு மேத்ஸே சேர்த்துவிட்டோம்.

---

மருதுமாமா எழுதியது:

இப்போது நிலவரம் இது. மச்சான் "சரி, காமர்ஸ்" என்று சொல்லவில்லை. "ஃபர்ஸ்ட் குரூப்பில் ஒரு மாதம் உட்காரட்டும், முடியவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை, ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லை. இப்படி மாற முடியுமா?

இன்னொரு சிக்கல். எங்கள் பள்ளியில் வணிகப் பிரிவில் நான்காவது பாடம் கணினிப் பயன்பாடுகள்தான். வணிகக் கணிதம் உள்ள அரசுப் பள்ளி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. பஸ் காலை 7.40-க்கு ஒன்று, அதை விட்டால் 9.10.

---

சாக்பீஸ் எழுதியது:

மாற முடியும், ஆனால் இடம் இருந்தால்தான். வணிகப் பிரிவு நிரம்பிவிட்டால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? அறிவியலிலிருந்து வணிகத்துக்கு முதல் சில வாரங்களில் மாறிய பிள்ளைகள் எங்கள் பள்ளியில் வருடத்துக்கு நாலைந்து பேர் உண்டு. எதிர்ப்பக்கம் மாறியவர் என் நினைவில் ஒருவரோ இருவரோ. அந்த வகையில் மச்சான் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் வணிகப் பிரிவில் முதன்மைப்பதிவு வரை போயிருப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு அது பிரச்சினை இல்லை, ஏற்கெனவே படித்துவிட்டாள். நாளைக்கே தலைமையாசிரியரைப் பார்த்து, வணிகப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று கேளுங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் இந்த ஒரு மாத ஒப்பந்தத்துக்கே அர்த்தமில்லை. மச்சானையும் கூட்டிப் போங்கள், அந்த எண்ணை அவர் காதால் கேட்கட்டும்.

வணிகக் கணிதத்துக்காக ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டுமா என்பதில் எனக்கே உறுதியில்லை. அந்தப் பள்ளியும் அரசுப் பள்ளி என்பதால் சலுகை எதுவும் போகாது. ஆனால் மாலை சிறப்பு வகுப்பு முடிந்தால் திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு?

---

இருப்பாய்வு எழுதியது:

நான் என்றால் போயிருப்பேன். ஆனால் எனக்குச் சைக்கிள் இருந்தது, என்னை யாரும் எங்கே இருக்கிறாய் என்று கேட்டதில்லை.

---

செவிலி மகேஸ் எழுதியது:

அதுதான். பெண்பிள்ளை, 9.10 பஸ்ஸைப் பிடித்தால் முதல் பீரியட் போச்சு.

---

மருதுமாமா எழுதியது:

தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு வந்தோம், மச்சானும் வந்தார். வணிகப் பிரிவில் ஆறு இடம், விண்ணப்பம் பதினொன்று. மச்சான் வெளியே வந்து பெட்டிக்கடையில் டீ குடித்தார். அப்புறம் உள்ளே போய் விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். பிரிவு என்ற இடத்தைக் காலியாக விட்டுப் பிள்ளையிடம் நீட்டினார். அவள் எழுதினாள். இடம் கிடைக்குமா என்பது புதன்கிழமை தெரியும்.

ஒன்பது கிலோமீட்டர் பள்ளியை இன்னும் விடவில்லை. திங்கள் காலை 7.40 பஸ்ஸில் நானும் அவளும் ஒரு தடவை போய்ப் பார்க்கப் போகிறோம். டி.சி.யை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா சார்?

---

சாக்பீஸ் எழுதியது:

வேண்டாம். அங்கே இடம் உண்டு என்று தலைமையாசிரியர் வாயால் சொன்ன பிறகு வாங்குங்கள். டி.சி. வாங்கிய நிமிடம் இங்கே உங்கள் ஆறில் ஒரு இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.